காபிக் கடை வைஃபையில் ஒட்டுக்கேட்டால் என்ன தெரியும்? வீட்டிலேயே அமைத்துப் பார்த்த சோதனை

ஒருவழியாக வேலை செய்துவிட்டது. என் போன் காற்றில் அனுப்பும் பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், வேறொரு லேப்டாப்பின் திரையில் வரிசையாக வந்து விழுகின்றன. அந்த லேப்டாப் அந்த வைஃபையில் இணையவே இல்லை, பக்கத்தில் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 'கடை வைஃபையில் பேங்க் பக்கமே போகாதே' என்று ஒருவர் சொல்வார், 'பூட்டுக் குறி இருந்தால் ஒன்றும் ஆகாது' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டில் எது எவ்வளவு தூரம் சரி என்பதை ஒட்டுக்கேட்பவரின் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இதை எந்தக் கடையிலும் போய்ச் செய்யவில்லை. அடுத்தவர் அனுப்புவதை அவருக்குத் தெரியாமல் பிடிப்பது தவறு, சட்டச் சிக்கலும் உண்டு. வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் `kadai-test` என்ற பெயரில் ஒரு வைஃபை திறந்தேன். தெருவில் போகிறவர்கள் தெரியாமல் வந்து இணைந்துவிடக் கூடாது என்பதற்காக, என் போனுக்கு மட்டும் அனுமதி என்று, வைஃபை கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்க்கும் வடிகட்டியைப் போட்டேன். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: ஆண்ட்ராய்டு 10 முதல் போன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புது மேக் முகவரியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. 'போனைப் பற்றி' பக்கத்தில் இருக்கும் முகவரியை வடிகட்டியில் போட்டால் இணையாது. அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் காட்டுகிற முகவரியைத்தான் எடுக்க வேண்டும்.

கேட்கும் கருவி

லேப்டாப்பில் ஏற்கெனவே இருக்கும் வைஃபை சில்லு பெரும்பாலும் தனக்கு வந்த பாக்கெட்டை மட்டும்தான் மேலே அனுப்பும். காற்றில் போவதையெல்லாம் கேட்க மானிட்டர் மோடு வேண்டும். எல்லாச் சில்லும் அதற்கு ஒத்துழைக்காது. அதனால் ஏஆர்9271 சில்லு உள்ள ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கினேன், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். லினக்ஸில் தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை என்பதற்காகவே இது. மொத்தச் செலவும் அதோடு சரி. மென்பொருள் எல்லாம் இலவசம்.

```
nmcli dev set wlan1 managed no
sudo ip link set wlan1 down
sudo iw dev wlan1 set type monitor
sudo ip link set wlan1 up
sudo iw dev wlan1 set channel 6
sudo tcpdump -i wlan1 -w kadai.pcap 'wlan host 02:11:22:33:44:55'
```

முதல் வரியை விட்டுவிட்டால் நெட்வொர்க் மேனேஜர் நடுவில் புகுந்து அடாப்டரைப் பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும். கடைசி வரியில் இருப்பது என் போனின் மேக் முகவரி இருக்க வேண்டிய இடம். அதைப் போடாவிட்டால் அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பாக்கெட்டுகளும் கோப்பில் வந்து சேரும். அவை நமக்கு வேண்டாம்.

இவ்வளவு செய்தும் தொடக்கத்தில் பாதிதான் வந்தது. போனில் பக்கம் முழுதாகத் திறக்கிறது, கோப்பிலோ சின்னச் சின்ன ஒப்புகைகள் மட்டும் இருக்கின்றன, பெரிய பாக்கெட்டுகளைக் காணோம். பிடித்த கோப்பைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் கறுப்பு வரிகளாக `TCP Previous segment not captured`, `TCP ACKed unseen segment` என்று நிரம்பி வழிந்தது. பாக்கெட் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருக்கிறது, கேட்பவருக்கு மட்டும் கேட்கவில்லை என்று இதற்குப் பொருள். காரணம் அடாப்டரில்தான். என் போனும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் இரண்டு ஓடைகளாகத் தரவை அனுப்பிக்கொள்கின்றன. இந்த அடாப்டருக்கு ஒரு ஓடைதான் புரியும். ரவுட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், பழைய 'பி/ஜி' முறை மட்டும் என்று இறக்கியதும் எல்லாம் வந்தது.

இது நம் கேள்விக்கும் பதில் சொல்லும் விஷயம். நிஜக் கடையில் 5 கிகாஹெர்ட்ஸில், வேகமான ரவுட்டரோடு, சுவரோரம் உட்கார்ந்திருப்பவரைக் கேட்பது இந்த மலிவு அடாப்டரால் ஆகாது. நல்ல கருவி வைத்திருப்பவருக்கு ஆகும். கடை ரவுட்டரையே கையில் வைத்திருப்பவருக்கோ கருவியே வேண்டாம், ஒரு பாக்கெட் தவறாமல் எல்லாம் அவர் வழியாகத்தான் போகிறது. ஆகவே இனிமேல் நான் 'தெரியும்' என்று எழுதும்போது, எல்லாப் பாக்கெட்டும் கையில் கிடைத்த ஒருவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டு இல்லாத போக்குவரத்து

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிமட்டம் வேண்டுமே என்று முதலில் `http://neverssl.com` திறந்தேன். பெயருக்கேற்ப அந்தத் தளம் பூட்டுப் போட்ட முறையான எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுவதே இல்லை. வயர்ஷார்க்கில் அந்த வரியை வலது கிளிக் செய்து `Follow` கொடுத்தால் முழு உரையாடலும் அப்படியே படிக்கக் கிடைக்கிறது: எந்தப் பக்கம் கேட்டேன், எந்த பிரவுசர், என்ன ஆண்ட்ராய்டு, தளம் திருப்பி அனுப்பிய பக்கம் எழுத்துக்கு எழுத்து. உள்நுழைந்தவர் யார் என்று அடையாளம் காணத் தளம் கொடுத்து வைக்கும் குக்கி இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும். 2010-இல் ஃபயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி வந்தபோது அத்தனை கலவரம் ஆனது இதனால்தான். அன்றைக்குப் பல பெரிய தளங்கள் உள்நுழையும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே விட்டிருந்தன. பக்கத்து மேஜைக்காரரின் குக்கியை எடுத்து அவர் கணக்கிலேயே உட்கார்ந்துகொள்ள முடிந்தது.

இந்தக் கோப்பில் நான் கேட்காத ஒன்றும் இருந்தது. வைஃபை இணைந்த நொடியிலேயே போன் தானாக `connectivitycheck.gstatic.com` என்ற முகவரியில் `/generate_204` என்ற பக்கத்தைப் பூட்டில்லாமல் கேட்கிறது. இன்டர்நெட் இருக்கிறதா, இல்லை நடுவில் உள்நுழைவுப் பக்கம் ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அதில் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் அதைத் தொடர்ந்து கடையின் உள்நுழைவுப் பக்கம் வரும், போன் நம்பர் கேட்கும், ஓடிபி கேட்கும். ஒரு கடையில் அந்தப் பக்கத்தின் முகவரி வரியைப் பார்த்தேன். `http://` என்று தொடங்கி, கடைக்குள்ளேயே இருக்கும் ரவுட்டரின் ஐபி எண். பூட்டு இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நாம் தட்டும் போன் நம்பர் காற்றில் வெறுமனே போகிறது. பேங்க் ஆப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

பூட்டுப் போட்ட போக்குவரத்து: அக்கா வைத்த தேர்வு

இனி நிஜமான கேள்வி. போனை அக்காவிடம் கொடுத்து, "உள் ரூம்ல உக்காந்து தமிழ் விக்கிப்பீடியாவுல ஏதாவது ஒரு கட்டுரை படி, என்னன்னு சொல்லாத" என்றேன். வெளியே நான் கோப்பைப் பிடித்தேன். அதிலிருந்து தளங்களின் பெயரை மட்டும் உருவும் கட்டளை இது:

```
tshark -r kadai.pcap -Y 'tls.handshake.type == 1' \
  -T fields -e frame.time_relative -e ip.dst \
  -e tls.handshake.extensions_server_name
```

அதே கோப்பை வயர்ஷார்க்கில் திறந்தால் அதற்கும் முன்னால் டிஎன்எஸ் கேள்வி இருந்தது. `ta.wikipedia.org` எந்த ஐபியில் இருக்கிறது என்று போன் ரவுட்டரைக் கேட்கிறது, வெறும் எழுத்தில். அடுத்தது, எச்டிடிபிஎஸ்ஸில் பூட்டுப் போடும் முறையான டிஎல்எஸ்ஸின் முதல் செய்தி, `Client Hello`. பூட்டு போடுவதற்கு முன்னால் 'நான் இன்ன தளத்தைத் தேடி வந்திருக்கிறேன்' என்று போன் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கலாம், எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும். அதனால் அதிலும் `server_name` என்ற இடத்தில் `ta.wikipedia.org` வெறும் எழுத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து `upload.wikimedia.org`, அதாவது படங்கள் உள்ள கட்டுரை. அதற்கு மேல் எல்லாம் `Application Data` என்று ஒரே மாதிரி வரிகள், உள்ளே வெறும் குப்பை பைட்டுகள்.

அக்கா வெளியே வந்து, "சரி, என்ன படிச்சேன் சொல்லு பாப்போம்" என்றாள்.

"தமிழ் விக்கிப்பீடியா போன, படம் இருந்துச்சு, ஒரு ஏழெட்டு நிமிஷம் இருந்த. அவ்வளவுதான்க்கா தெரியுது."

"படிச்சது என்னன்னு?"

அது தெரியவில்லை. தெரியாததை வெறும் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது என்று ஒரு சோதனையும் செய்தேன். தமிழ் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் எல்லாமே E0 AE அல்லது E0 AF என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கும். அதனால் தமிழ்த் தலைப்புள்ள கட்டுரையின் முகவரி இணையத்தில் போகும்போது கண்டிப்பாக `%E0%AE` என்ற துண்டு அதில் இருக்கும். வயர்ஷார்க்கில் இப்படி வடிகட்டினேன்:

```
frame contains "%E0%AE"
```

அக்காவின் கோப்பில் ஒரு வரிகூட இல்லை. வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, என் சொந்தச் சின்னத் தளத்தில் தமிழில் பெயர் வைத்த ஒரு பக்கத்தைப் பூட்டில்லாமல் `http://` போட்டுத் திறந்தேன். உடனே சிக்கியது, முழு முகவரியோடு. அதே பக்கத்தை `https://` போட்டுத் திறந்தபோது மறுபடியும் ஒன்றுமில்லை. ஆக, தளத்தின் பெயர் தெரியும், சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எதுவும் தெரியாது. தேடிய சொல், படிவத்தில் நிரப்பியது, குக்கி, பக்கத்தின் எழுத்துகள் எல்லாம் உள்ளே. விக்கிப்பீடியா எச்டிடிபிஎஸ்ஸை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது 2015-இல். அதற்கு முன்னால் இதே சோதனையில் சாதாரண முகவரியில் போயிருந்தால் அக்கா படித்த தலைப்பை எழுத்துக்கூட்டிச் சொல்லியிருப்பேன்.

தளத்தின் பெயர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. `ta` என்ற இரண்டெழுத்து, போன் வைத்திருப்பவர் தமிழ் படிப்பவர் என்று சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு நோய்க்கான மருத்துவமனைத் தளம், வேலை தேடும் தளம், கடன் கொடுக்கும் தளம் என்றால் பெயர் ஒன்றே போதும், பக்கம் எதுவாக இருந்தால் என்ன.

இன்னொரு சின்ன விஷயம். யூடியூப் போன்ற தளங்களுக்கு குரோம் டிசிபி வழியாகப் போகாமல் யூடிபி 443-இல் குவிக் முறையில் போகும். அதில் முதல் பாக்கெட்டே மறைகுறியாக இருக்கும். ஆனால் அந்த முதல் பாக்கெட்டுக்கான சாவியை, பாக்கெட்டிலேயே இருக்கும் இணைப்பு எண்ணையும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிலையான மதிப்பையும் வைத்து யாரும் கணக்கிட்டுவிடலாம். வயர்ஷார்க் தானாகவே அதைத் திறந்து தளத்தின் பெயரைக் காட்டுகிறது. சில இணைப்புகளில் மட்டும் பெயர் காலியாக வந்தது. புதிய பிரவுசர்கள் குவாண்டம் கணினிக்கும் தாங்கும் சாவியைச் சேர்த்து அனுப்புவதால் முதல் செய்தி ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது. காற்றில் ஒன்று தவறினால் பெயரும் போச்சு. அது பாதுகாப்பு அல்ல, என் அடாப்டரின் செவிட்டுத்தனம்.

அளவு சொல்லும் கதை

உள்ளடக்கம் தெரியாது, சரி. ஆனால் எவ்வளவு பைட் வந்தது என்பது தெரிகிறதே, அதை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? என் சொந்தத் தளத்தில் மூன்று பக்கங்கள் வைத்தேன். 'தலைவலி' 12,000 பைட், 'கர்ப்பம்' 40,000 பைட், 'கடன்' 90,000 பைட். படம் எதுவும் இல்லை. சர்வர் என்ஜின்எக்ஸ், சுருக்குவதை நிறுத்திவிட்டு எச்டிடிபி 1.1, டிஎல்எஸ் 1.3 என்று வைத்தேன்.

டிஎல்எஸ் தரவை ரெக்கார்டுகளாக வெட்டி அனுப்பும். ஒரு ரெக்கார்டில் அதிகபட்சம் 16,384 பைட். டிஎல்எஸ் 1.3 அதோடு 17 பைட் சேர்க்கும்: ஒன்று உள்ளே இருப்பது என்ன வகை என்று குறிக்க, 16 யாரும் நடுவில் மாற்றவில்லை என்று சரிபார்க்க. ஆகவே முழு ரெக்கார்டு வயர்ஷார்க்கில் 16401 என்று தெரியும். அக்காவிடம் மூன்றில் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். சர்வர் பக்கத்திலிருந்து வந்தவை: 16401, மறுபடியும் 16401, கடைசியாக ஏழாயிரத்து ஐந்நூறை ஒட்டி ஒன்று. மூன்றிலும் 17-ஐக் கழித்துக் கூட்டினால் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல். அந்தச் 'சற்று' சர்வர் அனுப்பும் தலைப்பு வரிகள், சுமார் 250 பைட். 'கர்ப்பம்' என்றேன். சரிதான் என்றாள். பூட்டை யாரும் உடைக்கவில்லை, எடை போட்டுப் பார்த்ததோடு சரி.

இது மூன்றே பக்கமுள்ள தளம், என் வசதிக்கு ஏற்றபடி நானே வைத்தது. நிஜத் தளங்களில் சுருக்கம் உண்டு, படங்களும் எழுத்தும் ஒரே இணைப்பில் கலந்து வரும், முன்பே வந்த கோப்புகள் போனில் சேமிப்பில் இருந்தால் மறுபடி வராது. கணக்கு கலங்கிப் போகும். ஆனாலும் முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். விக்கிப்பீடியா மாதிரி எல்லோருக்கும் பொதுவான பக்கங்களை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே அளந்து பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட பக்கத்தைப் பார்த்தாரா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால் வேலை இன்னும் சுலபம்.

அடுத்து பாஸ்வேர்டு. அதே தளத்தில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் படிவம் ஒன்று வைத்தேன். `kadalai1` என்று 8 எழுத்தில் ஒரு முறை, `kadalaimittai` என்று 13 எழுத்தில் ஒரு முறை உள்ளிட்டேன். போன் அனுப்பிய ரெக்கார்டின் நீளம் சரியாக 5 கூடியது. `kadalai@` என்று போட்டபோது எழுத்து அதே 8-தான், ஆனால் நீளம் முதலாவதைவிட 2 கூடியது. படிவத்தில் `@` என்பது `%40` என்று மூன்று பைட்டாகப் போவதால் அப்படி. எழுத்துகள் எங்கேயும் தெரியவில்லை. கோப்பு முழுவதும் `kadalai` என்று தேடினேன், இல்லை.

அப்படியானால் பாஸ்வேர்டின் நீளம் வெளியே போகிறதா? என்னால் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், மற்றதெல்லாம் மாறாமல் நான் வைத்திருந்ததுதான். வெளியாளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு மொத்த நீளம். அதில் பயனர் பெயர், குக்கி, பிரவுசர் வரி எல்லாம் அடக்கம். அதில் எத்தனை பாஸ்வேர்டின் பங்கு என்று பிரித்துச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை. இதற்காக நான் தூக்கம் கெட மாட்டேன்.

சுவரில் எழுதிய பாஸ்வேர்டு

'எங்கள் கடை வைஃபைக்குப் பாஸ்வேர்டு உண்டு' என்பது நிறையப் பேருக்கு ஒரு தெம்பு. அதையும் பார்த்துவிடலாம் என்று ரவுட்டரை டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறைக்கு மாற்றி ஒரு பாஸ்வேர்டு வைத்தேன். இப்போது பிடித்த கோப்பில் டிஎன்எஸ்கூடத் தெரியவில்லை, எல்லாம் மறைகுறி. பிறகு வயர்ஷார்க்கில் `IEEE 802.11` அமைப்புக்குப் போய், `Decryption keys` பட்டியலில் `wpa-pwd` வகையைத் தேர்ந்து, பாஸ்வேர்டையும் வைஃபை பெயரையும் நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாஸ்வேர்டு மட்டும் போதாது, போன் இணையும் நொடியில் ரவுட்டரோடு பரிமாறிக்கொள்ளும் நான்கு செய்திகளும் கோப்பில் இருக்க வேண்டும். நான் போன் இணைந்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்போதே போனில் வைஃபையை அணைத்து மறுபடி இயக்கினேன். `eapol` என்று வடிகட்டினால் நான்கும் இருந்தன. அந்தக் கணத்திலிருந்து எல்லாமே திறந்த வைஃபையில் தெரிந்த அளவுக்கு அப்படியே தெரிந்தது. டிஎன்எஸ், தளத்தின் பெயர், பூட்டில்லாத பக்கம், எல்லாம்.

சுவரில் எழுதிப்போட்ட பாஸ்வேர்டு, கடைக்குள் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு. அது தெருவில் நிற்பவரைத் தடுக்கும், பக்கத்து மேஜைக்காரரைத் தடுக்காது. டபிள்யூபிஏ3-இல் இந்த வழி அடைபட்டிருக்கிறது. பாஸ்வேர்டு தெரிந்தாலும், சும்மா கேட்டுக்கொண்டிருப்பவரால் அடுத்தவரின் சாவியைக் கணக்கிட முடியாது. என் பழைய ரவுட்டருக்கு அது தெரியாது என்பதால் சோதிக்கவில்லை.

பெயரையும் மறைக்க முடியுமா?

முதலில் டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதில் `dns.google` என்று பெயரைக் கொடுத்தேன். மறுபடி பிடித்தால் `dns` வடிகட்டியில் தளங்களைத் தேடும் கேள்விகள் காணாமல் போயின, அவை பூட்டுப் போட்டுப் போகின்றன. 'தானியங்கி' என்று விட்டால் இது உறுதியில்லை. அந்த வைஃபை கொடுக்கும் டிஎன்எஸ் சர்வருக்குப் பூட்டுத் தெரியாவிட்டால் போன் பேசாமல் பழையபடி வெறும் எழுத்துக்குப் போய்விடும். பெயரைக் கொடுத்துவிட்டால் அப்படி இறங்காது, அதனால் பூட்டுப் போட்ட அந்த டிஎன்எஸ் போகும் வழியைக் கடை அடைத்திருந்தால் இன்டர்நெட்டே வராது. வரவில்லை என்றால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆனால் `Client Hello`-வில் இருக்கும் பெயர் அப்படியே இருந்தது. டிஎன்எஸ்ஸை மட்டும் மூடியதால் ஒட்டுக்கேட்பவருக்குப் பெரிதாக நஷ்டம் இல்லை. இது தெரியாமல்தான் 'பிரைவேட் டிஎன்எஸ் போட்டாச்சு, இனி ஒண்ணும் தெரியாது' என்று சொல்கிறார்கள்.

அந்த இரண்டாவது ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஈசிஎச். பிரவுசர் நிஜப் பெயரை உள்ளே பூட்டி வைத்து, வெளியே பொதுவான ஒரு பெயரை மட்டும் காட்டும். லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ்ஸை இயக்கி, `https://crypto.cloudflare.com/cdn-cgi/trace` என்ற பக்கத்துக்குப் போனேன். அதில் `sni=encrypted` என்று வந்தது. அதே இணைப்பை வயர்ஷார்க்கில் பார்த்தால் தளத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் `cloudflare-ech.com` இருக்கிறது. கிளவுட்ஃபிளேருக்குப் பின்னால் ஈசிஎச் இயக்கிய எத்தனையோ தளங்களுக்கு இதே பெயர்தான் தெரியும். இங்கே ஏமாறாமல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பிரவுசர்கள் ஈசிஎச் இல்லாத தளத்துக்கும் `encrypted_client_hello` என்ற பகுதியைப் போலியாகச் சேர்த்து அனுப்புகின்றன. அது இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, `server_name` என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். `ta.wikipedia.org`-க்குப் போனபோது அந்தப் பகுதியும் இருந்தது, கூடவே நிஜப் பெயரும் வெறும் எழுத்தில் இருந்தது.

பெயர் மறைந்தாலும் ஐபி மறையாது. ஆயிரம் தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஐபி என்றால் அது எதையும் சொல்லாது. தனக்கென்று ஐபி வைத்திருக்கும் தளம் என்றால் பெயரை மறைத்தும் பயனில்லை. ஐபியையும் மறைக்க விபிஎன் வேண்டும். அப்போது கடையில் இருப்பவருக்கு ஒரே ஒரு ஐபியும் பாக்கெட்டுகளின் அளவும் நேரமும்தான் தெரியும். பெயர்ப் பட்டியல் அந்த விபிஎன் நடத்துகிறவரிடம் போய்ச் சேரும்.

நடுவில் புகுந்தால்

இதுவரை சும்மா கேட்டதுதான். கடைசியாக, கடைப் பெயரிலேயே போலி வைஃபை திறந்து நடுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். போனின் போக்குவரத்தை லேப்டாப்பில் ஓடும் மிட்ம்ப்ராக்ஸி வழியாகத் திருப்பினேன். அது ஒவ்வொரு தளத்துக்கும் தானே ஒரு சான்றிதழ் தயாரித்து நீட்டும். குரோம் உடனே நின்றுவிட்டது, `NET::ERR_CERT_AUTHORITY_INVALID`. என் சின்னத் தளத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று தாண்டிப் போக வழி இருந்தது, தாண்டினால் பாஸ்வேர்டு என் திரையில் முழுதாக. விக்கிப்பீடியாவில் அந்த வழியே இல்லை. காரணம் எச்எஸ்டிஎஸ்: 'என்னிடம் பூட்டோடு மட்டும்தான் வர வேண்டும்' என்று தளம் பிரவுசரிடம் முன்பே சொல்லி வைக்கும் விதி. 2009-இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியைக் காட்டினார். பூட்டில்லாமல் போகும் முதல் கோரிக்கையைப் பிடித்து, பூட்டுப் போட்ட பக்கத்துக்கு மாறவே விடாமல் வைத்திருக்கும் கருவி. அதைத் தடுப்பதும் இந்த விதிதான்.

என் தளத்தின் என்ஜின்எக்ஸ் அமைப்பில் இந்த ஒரு வரியைச் சேர்த்தேன்:

```
add_header Strict-Transport-Security "max-age=31536000" always;
```

மிட்ம்ப்ராக்ஸி இல்லாமல் ஒரு முறை தளத்தைத் திறந்துவிட்டு, மறுபடி நடுவில் உட்கார்ந்தேன். இப்போது என் தளத்திலும் 'தொடர்க' மறைந்துவிட்டது. ஆனால் தளத்துக்கு ஒரு முறையும் வராத போனில் அது இன்னும் இருக்கும். விதியைச் சொல்லிக்கொடுக்கும் அந்த முதல் வருகையே போலி வைஃபையில் நடந்தால் இந்த வரியால் பயனில்லை. பிரவுசரோடே சேர்ந்து வரும் முன்பட்டியலில் தளத்தின் பெயர் இருந்தால்தான் அந்த ஓட்டையும் அடைபடும்.

அடுத்த முறை செய்வதானால் மாற்ற வேண்டியவை இரண்டு. அடாப்டரை 5 கிகாஹெர்ட்ஸும் இரண்டு ஓடையும் தெரிந்ததாக வாங்க வேண்டும். ரவுட்டரைப் பழைய முறைக்கு இறக்கிச் சோதித்ததால் நிஜக் கடையின் நிலவரம் எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அப்புறம் டபிள்யூபிஏ3 தெரிந்த ரவுட்டர் ஒன்று. அதில் பாஸ்வேர்டைக் கொடுத்தும் நான்கு செய்திகளைப் பிடித்தும் வயர்ஷார்க்கால் திறக்க முடியாது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும். பெரிய அளவுச் சோதனையில் அக்கா திறக்கும் பக்கங்களை முப்பதாகக் கூட்டி, சுருக்கத்தையும் இயக்கிவிட்டு, எடையை வைத்து எத்தனை சரியாகச் சொல்ல முடிகிறது என்று எண்ணப் போகிறேன்.